பூட்டிய ரேட் எங்கே போனது?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள், கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடி கான்கிரீட் போடுவதற்கான பணம். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை, இரவு எட்டு மணி. பணம் அனுப்பும் நிறுவனத்தின் செயலியில் 3,000 யூரோ என்று தட்டுகிறார். கட்டணம் 15 யூரோ போக மீதி 2,985 யூரோ. ஒரு யூரோவுக்கு 97.20 ரூபாய். அப்பா கணக்குக்கு 2,90,142 ரூபாய் போகும் என்று திரை காட்டுகிறது. கீழே சின்ன எழுத்தில், இந்த ரேட் 48 மணி நேரத்துக்கு உறுதி என்ற வரி. மகள் உடனே தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்: "அப்பா, ரெண்டு லட்சத்து தொண்ணூறாயிரம் வந்துரும்பா. மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க."

அடுத்த புதன்கிழமை அப்பா கணக்கில் ஏறியது 2,87,455 ரூபாய். கிட்டத்தட்ட 2,700 ரூபாய் குறைவு. அப்பா வங்கிக்குப் போய், எதற்காக இவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்கிறார். "சார், எங்களுக்கு ரூபாயாத்தான் வந்துச்சு. வந்ததை அப்படியே ஏத்திட்டோம்" என்கிறார் கவுன்டரில் இருப்பவர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அப்பாவுக்கு அது சமாளிப்பாகத்தான் படும். இந்த ரேட்டுகள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. இதே கதைதான் வேறு வேறு எண்களோடு பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் தவறான ஆளிடம் சண்டை போட்டு முடிகிறது.

ரேட் லாக் என்பது பணம் அனுப்பும் நிறுவனம் கொடுக்கும் ஒரு வாக்கு. "இன்ன நேரத்துக்குள் உங்கள் யூரோ எங்கள் கைக்கு வந்துவிட்டால், இந்த ரேட்டில் மாற்றித் தருகிறோம்" என்பதுதான் அதன் முழு வாசகம். நாம் இரண்டாவது பாதியை மட்டும் படிக்கிறோம். அந்த நேரம் ஓடத் தொடங்குவது மகள் செயலியில் பரிமாற்றத்தை உருவாக்கிய நொடியில். அவர் தன் வங்கியிலிருந்து பணத்தை அனுப்பும் நொடியில் அல்ல. அது நிற்பது நிறுவனத்தின் கணக்கில் பணம் வந்து ஏறி, அது இன்ன வாடிக்கையாளரின் பணம் என்று அடையாளம் காணப்படும்போது. இடையில் பணம் எங்கே இருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் என்ன ஆனது என்று பார்ப்போம். செயலியில் ரேட்டைப் பூட்டியபின் மகள் தன் ஜெர்மன் வங்கியிலிருந்து அந்த நிறுவனத்தின் கணக்குக்குச் சாதாரண யூரோ பரிமாற்றம் செய்தார். ஐரோப்பாவில் இதை செபா என்பார்கள். சாதாரண செபா பரிமாற்றம் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஆனால் வங்கிகளுக்கு அன்றன்றைய கடைசி நேரம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு கொடுத்த உத்தரவு மறு வேலைநாளில் கொடுத்ததாகவே கொள்ளப்படும். வியாழன் இரவு எட்டு மணிக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. மறுநாள் புனித வெள்ளி. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் ஈஸ்டர் திங்கள். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் ஐரோப்பிய மத்திய வங்கியின் பணப்பரிமாற்ற அமைப்புக்கு விடுமுறை. ஆக, வியாழன் இரவுக்கு அடுத்த வேலைநாள் செவ்வாய். செவ்வாய்க்கிழமை உத்தரவாகக் கொண்டால் புதன்கிழமை பணம் போய்ச் சேர்வது முழுக்க முழுக்க விதிப்படி நடந்ததுதான். லாக் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கே காலாவதி ஆகிவிட்டது. யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் 2,700 ரூபாய் போய்விட்டது.

புதன்கிழமை காலை பணம் வந்ததும் நிறுவனம் அந்த நேரத்துச் சந்தை ரேட்டைப் பார்க்கிறது. அது 96.30. அந்த ரேட்டில் 2,985 யூரோவை மாற்றி, இந்தியாவில் தனக்குத் துணையாக இருக்கும் வங்கி வழியாக ரூபாயாக அனுப்புகிறது. அப்பாவுக்குக் கிடைக்கும் ரேட் இதுதான்: யூரோ ரூபாயாக மாறிய அந்த வேளையின் ரேட். மகள் அனுப்பிய நாளின் ரேட் அல்ல, அப்பா கணக்கில் ஏறிய நாளின் ரேட்டும் அல்ல. யூரோ ரூபாயாக மாறிவிட்ட பிறகு, இந்தியாவுக்குள் அந்தப் பணம் ஒரு நாள் தாமதமானாலும் ஒரு ரூபாய்கூடக் கூடாது, குறையாது.

பலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். லாக் முடிந்த பிறகு ரேட் ஏறியிருந்தால்? நேரடிச் சந்தை ரேட்டில் மாற்றும் நிறுவனங்களில் அந்த லாபமும் அப்பாவுக்கே வரும். 97.20 என்பது 98 ஆகியிருந்தால் கூடுதலாக 2,388 ரூபாய் வந்திருக்கும், யாரும் வங்கிக்குப் போய்ச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லா நிறுவனங்களும் இப்படி இல்லை. சில நிறுவனங்கள் லாக் முடிந்தால் பரிமாற்றத்தையே ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடும். சில நிறுவனங்கள், ரேட் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மாற்றாமல் ரத்து செய்யும்படி முன்பே சொல்லிவைக்க வசதி தருகின்றன. மேஸ்திரிக்குப் பணம் இன்றே வேண்டும் என்றால் ரத்தாகித் திரும்புவது இன்னும் பெரிய தொல்லை. பணத்துக்கு அவசரம் இல்லை என்றால் அந்த வசதி நல்ல காப்பு. எது நமக்குத் தேவை என்பதை அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மகள் 3,000 யூரோ என்று தட்டினார். அதற்குப் பதில், அப்பாவுக்குச் சரியாக 2,90,000 ரூபாய் போக வேண்டும் என்று ரூபாய்ப் பக்கத்தில் தட்டியிருந்தால்? 97.20 ரேட்டில் அதற்குத் தேவை கட்டணம் நீங்கலாக 2,983.54 யூரோ. லாக் முடிந்து ரேட் 96.30 ஆனால் அதே ரூபாய்க்கு 3,011.43 யூரோ வேண்டும். கிட்டத்தட்ட 28 யூரோ பற்றாக்குறை. இந்த நிலையில் நிறுவனம் மீதி 28 யூரோவைக் கேட்டு நிறுத்திவைக்கலாம், அல்லது இருப்பதை மட்டும் மாற்றிக் குறைவாக அனுப்பலாம். எதைச் செய்யும் என்பது அந்தந்த நிறுவனத்தின் நிபந்தனைகளில் இருக்கும். "ரூபாய்த் தொகை உறுதி" என்று திரையில் தெரிந்தாலும், அந்த உறுதியும் லாக் இருக்கும்வரை மட்டும்தான்.

இவ்வளவு குறுகிய நேரத்துக்கு மட்டும் ஏன் பூட்டுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நிறுவனத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ரேட்டைப் பூட்டித் தந்தால், ஆட்கள் இன்று பூட்டிவைத்துவிட்டு வாரக் கடைசியில் சந்தையைப் பார்ப்பார்கள். சந்தை ரேட் ஏறியிருந்தால் பழையதைக் கைவிட்டுப் புது ரேட்டில் அனுப்புவார்கள். இறங்கியிருந்தால் மட்டும் பூட்டிய ரேட்டைக் கேட்பார்கள். நஷ்டம் எப்போதும் நிறுவனத்துக்கே. அதனால்தான் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரை மட்டும் லாக் தருகிறார்கள். பணம் அனுப்பாமல் சும்மா பூட்டிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அதையும் குறைக்கிறார்கள். இதில் எனக்குக் குறை இல்லை. லாக் முடியும் நாளையும் மணியையும், தொகையைக் காட்டும் அதே பெரிய எழுத்தில் காட்டாததுதான் எனக்குக் குறை. விடுமுறைக்கு முந்தைய இரவில் சாதாரண வங்கிப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடம், "இது லாக் முடிவதற்குள் வந்து சேராது" என்று திரையிலேயே சொல்லலாம். விடுமுறைப் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது.

வளைகுடாவிலிருந்து பணம் வாங்கிப் பழகிய குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. துபாயிலோ மஸ்கட்டிலோ பணமாற்று நிலையத்தின் கவுன்டரில் ரொக்கத்தைக் கட்டினால், அங்கேயே அப்போதே ரூபாய்க் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த நிலையங்கள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. நாம் திர்ஹம் கொடுக்கிறோம், அவர்கள் அந்த ரூபாய்க் கணக்கிலிருந்து நம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ரசீதில் போட்ட ரூபாய்தான் ஊரில் ஏறும். பணத்தைக் கட்டுவதும் மாற்றுவதும் ஒரே நிமிடத்தில் நடப்பதால் இடைவெளி இல்லை. செயலியில் பூட்டிவிட்டு வங்கியிலிருந்து தனியாகப் பணத்தைத் தள்ளும் முறையில்தான் அந்த இடைவெளி பிறக்கிறது.

அமெரிக்காவில் சட்டமே இந்த இடத்தில் வாடிக்கையாளர் பக்கம் சாய்கிறது. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பணம் அனுப்பும் விதியின்படி, தனிநபர் பணத்தைக் கட்டும் முன்பே ரேட், கட்டணம், பெறுநருக்குக் கிடைக்கும் தொகை மூன்றையும் எழுத்தில் காட்ட வேண்டும். கட்டியதும் ரசீது தர வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, ரசீதில் சொன்ன தொகை போய்ச் சேரவில்லை என்றால் அது 'பிழை' என்று கணக்காகும். பணம் கிடைக்கும் என்று சொன்ன தேதியிலிருந்து 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், நிறுவனம் 90 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். அங்கே பல நிறுவனங்கள் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து தாங்களே பணத்தை இழுத்துக்கொள்கின்றன. அந்தப் பணம் வந்துசேர ஓரிரு நாள் ஆனாலும், ரசீது கொடுத்தாகிவிட்டதால் இடையில் ரேட் இறங்கும் ஆபத்து நிறுவனத்தின் தலையில். அமெரிக்காவில் இருக்கும் மகன் 'ரேட் மாறிடுச்சுப்பா' என்று சொன்னால், ரசீதை ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது பணம் ரூபாயாக மாறி இந்தியாவுக்கு வரும் வழி. இன்னொரு வழியில் கதையே வேறு. மகள் செயலி எதையும் பயன்படுத்தாமல், தன் ஜெர்மன் வங்கியிலிருந்து 3,000 யூரோவை யூரோவாகவே ஸ்விஃப்ட் முறையில் அப்பாவின் வங்கிக்கு அனுப்பினால், அங்கே லாக் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று இணையத்தில் அவர் பார்த்த ரேட் வெறும் செய்தி. யூரோவை ரூபாயாக மாற்றுவது அப்பாவின் வங்கி. அது பயன்படுத்தும் ரேட், பணம் அதன் கைக்கு வந்து அது மாற்றும் நாளில் அந்த வங்கி அறிவித்த டிடி வாங்கும் ரேட். இது சந்தை ரேட்டைவிடக் குறைவாகவே இருக்கும், அதில்தான் வங்கியின் லாபம். தொகை பெரிதாக இருந்தால் கிளை மேலாளர் வழியாக வங்கியின் கருவூலப் பிரிவில் பேசி, கொஞ்சம் நல்ல ரேட் கேட்டு வாங்க முடியும். இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டியும் உண்டு. நம் எடுத்துக்காட்டுத் தொகைக்கு அது சுமார் 350 ரூபாய்.

இந்த வழியில் ரேட்டைத் தாமதப்படுத்துவது சில நேரம் பெறுநரேதான். வெளிநாட்டுப் பணம் முதல்முறை வரும்போது, எதற்காக வந்த பணம் என்று வங்கி கேட்கும். குடும்பச் செலவுக்கு என்றால் அதற்கு ஒரு குறியீடு உண்டு. வங்கி அனுப்பிய மின்னஞ்சலையோ குறுஞ்செய்தியையோ பார்க்காமல் மூன்று நாள் விட்டால், யூரோ மூன்று நாள் மாறாமலே கிடக்கும். மாறும் நாளின் ரேட்தான் கிடைக்கும்.

வங்கியே தாமதப்படுத்தினால் என்ன செய்வது? இதற்கு இந்திய அன்னியச் செலாவணி வணிகர்கள் சங்கமான ஃபெடாய் வகுத்த விதி இருக்கிறது. பணம் வந்த தகவல் கிடைத்த இரண்டு நாளுக்குள் பெறுநருக்குக் கொடுக்க வேண்டும் அல்லது தெரிவிக்க வேண்டும். தாமதமானால், சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மேல் 2 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். அந்தத் தாமதத்தில் ரேட் இறங்கியிருந்தால் அந்த இழப்பையும் வங்கி தன் இழப்பீட்டுக் கொள்கைப்படி ஈடுகட்ட வேண்டும். வட்டியைவிட இந்த ரேட் இழப்புதான் பெரும்பாலும் பெரிய தொகை. கேட்டால்தான் கிடைக்கும்.

ஆகவே சண்டைக்குக் கிளம்பும் முன் பணம் எந்த வழியில் வந்தது என்று தெரிய வேண்டும். பாஸ்புக்கிலோ வங்கிச் செயலியிலோ அந்த வரவுக்கு எதிரே NEFT அல்லது IMPS என்று இருந்தால், ரூபாயாகவே வந்த பணம் அது. உள்ளூர் வங்கி எதையும் மாற்றவில்லை, ரேட்டைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. கேள்வி கேட்க வேண்டியது வெளிநாட்டு நிறுவனத்தை, அதுவும் அனுப்பியவர்தான் கேட்க முடியும், ஏனென்றால் ஒப்பந்தம் அவரோடு. அந்த நிறுவனம் இந்திய ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இல்லை என்றால், இங்குள்ள வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் அதன்மேல் புகார் கொடுக்கவும் முடியாது. மாறாக, வெளிநாட்டு வரவு என்ற குறிப்போடு வங்கியே மாற்றி ஏற்றியிருந்தால், அந்த வரவுக்கான அறிவிப்புக் கடிதத்தைக் கேளுங்கள். எத்தனை யூரோ வந்தது, எந்த நாளில், எந்த ரேட்டில் மாற்றியது, என்ன பிடித்தது எல்லாம் அதில் இருக்கும்.

வெளிநாட்டு நிறுவனத்தைக் கேட்கும்போது வாதத்துக்கு ஒரே ஒரு நேரம்தான் முக்கியம்: பணம் அவர்கள் கணக்கில் ஏறிய நேரம். நிறுவனம் 'உங்கள் பணம் கிடைத்தது' என்று அனுப்பிய மின்னஞ்சலின் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். மகளின் வங்கியில் கேட்டால், பணம் எப்போது போய்ச் சேர்ந்தது என்ற சான்று கிடைக்கும். லாக் முடிவதற்கு முன்பே ஏறியிருந்து, அவர்கள் பிந்தி மாற்றியிருந்தால் பழைய ரேட்டைக் கேட்க நல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு தடை வரலாம். பரிமாற்றத்தில் அவர்கள் கொடுத்த குறிப்பு எண்ணைப் போடாமல் விட்டிருந்தாலோ, கணவர் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தாலோ, பணம் யாருடையது என்று தெரியாமல் அவர்களிடம் கிடந்திருக்கும். அந்தத் தாமதத்தை அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அடையாள ஆவணம் கேட்டு நிறுத்திவைத்த நேரம் யார் கணக்கில் சேரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முதல்முறை பெரிய தொகை அனுப்புகிறவர்கள், ரேட்டைப் பூட்டும் முன்பே ஆவணச் சரிபார்ப்பை முடித்துவைப்பது நல்லது.

வேகமான வழியும் இப்போது இருக்கிறது. யூரோ பயன்படுத்தும் நாடுகளில் வங்கிகள் 2025 அக்டோபர் 9 முதல் உடனடிப் பரிமாற்றத்தை அனுப்பும் வசதியைத் தர வேண்டும், சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகக் கட்டணம் வாங்கக் கூடாது. விடுமுறையோ நள்ளிரவோ, பத்து நொடிக்குள் பணம் போய்விடும். பணம் வாங்கும் நிறுவனத்தின் கணக்கு அந்த முறையை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வியாழன் இரவு மகள் இந்த ஒரு தேர்வைத் தொட்டிருந்தால் 97.20 அவர் கையில் இருந்திருக்கும். பிரிட்டனில் உள்ளூர்ப் பரிமாற்றம் பெரும்பாலும் உடனடியாகவே நடக்கிறது. ஆனால் மோசடிச் சந்தேகம் வந்தால் வங்கி கூடுதலாக மூன்று நாள் வரை பணத்தை நிறுத்திவைக்க 2024 அக்டோபர் முதல் சட்டம் இடம் தருகிறது. புதிய நிறுவனத்துக்கு முதல்முறை அனுப்பும் பெரிய தொகைகளில் இது நடந்தால், லாக்கும் அதோடு போய்விடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் பார்த்த தொகையை அப்பா அம்மாவிடம் உடனே சொல்லாதீர்கள், அவர்கள் அதை நம்பி வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவனம் பணத்தை மாற்றி முடித்து இறுதி ரசீது அனுப்பும்வரை பொறுத்திருங்கள். அந்த ரசீதை அப்படியே வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள்.